நான்கு கேள்விகளும் ஒரு புகைப்படமும்

உரையாற்ற அழைப்பவர்களுக்கு ஒப்புதல் மின்னஞ்சல் எழுதுவது கிணற்றில் கல்லைப் போடுவது போன்றதுதான். கல்லுக்காவது சத்தம் வரும். தலைப்பு நான் குறிப்பிட்டதுதானா, எனக்குரிய 40 நிமிடங்களில் கேள்வி நேரமும் அடங்குமா, அரங்கின் புரொஜெக்டரில் எச்டிஎம்ஐ இணைப்பு உண்டா, பயணச்சீட்டை நீங்கள் எடுக்கிறீர்களா அல்லது நான் எடுத்துவிட்டுக் கணக்கு அனுப்ப வேண்டுமா என்று எண்ணிட்டு, வரிக்கு ஒன்றாகக் கேட்டிருந்தேன். "மிக்க மகிழ்ச்சி ஐயா, தங்கள் புகைப்படத்தை உடனே அனுப்பவும்" என்று பதில் வந்தது. இது எந்த எண்ணுக்கான விடை?

மீண்டும் கேட்டதற்கு "எல்லா வசதியும் உண்டு" என்றார்கள். அந்த எல்லா வசதியும் மேடையில் ஒரு பழைய விஜிஏ கம்பியாகச் சுருண்டு கிடந்தது. அதைச் சொருக என் மடிக்கணினியில் இடமே இல்லை. யாரோ அடாப்டர் தேடிக் கொண்டுவர 10 நிமிடம் போயிற்று. விஜிஏ வழியாக ஒலி போகாது என்பதால், நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்த காணொளி ஊமைப்படமாக ஓடியது. கேள்வி நேரம் அடங்குமா என்ற ஐயத்தையும் தீர்த்துவைத்தார்கள், எனக்கே நேரமில்லை.

பயணச்சீட்டை நானே எடுத்தேன். இப்போது அதன் அசலைத் தபாலில் கேட்கிறார்கள். மின்சீட்டில் அசல் எது ஐயா?