பைசாவத் திருப்பிக் கேட்டா பான் கார்டைக் காட்டுங்கான்

ஏழாயிரத்து நானூத்தி அறுவது ரூவா. ரெண்டு மாசமா அந்த வாலட் ஆப்பைத் திறந்தா மேல இந்த நம்பர் நிக்கி. அதுக்குக் கீழ சாம்பல் கலர்ல, 'உங்கள் கணக்கு தற்காலிகமாக முடக்கப்பட்டுள்ளது'. இலையில சோத்தைப் போட்டுட்டு கையைக் கட்டி வச்ச மாதிரி. எவன் பைசாவ எவன்டே முடக்குதான்?

எனக்குக் கல்லிடைக்குறிச்சியில அப்பளத் தொழில். கரண்ட் பில்லு, ரீசார்ஜ், பஸ் டிக்கெட்டுக்குன்னு அந்த வாலட்டை வச்சிருந்தேன். அஞ்சாயிரம் என் பேங்க் கார்டுல இருந்து போட்டது. இன்னொரு நாள் என் கார்டு வேலை செய்யலைன்னு மச்சான் அவன் கார்டுல மூவாயிரம் போட்டு விட்டான், அன்னைக்கு சாயங்காலமே ரொக்கமா அவன் கையில குடுத்துட்டேன். என் அஞ்சாயிரத்துல அறுநூறு செலவாச்சு. கேஷ்பேக்குன்னு வாலட் கம்பெனிக்காரனாவே ஒரு அறுவது ரூவா போட்டான். இதான் கணக்கு.

இதை ஏன் முடக்குனான்னு கேளுங்க. 'முழு கேஒய்சி பண்ணுங்க'ன்னு தினமும் மெசேஜ் அனுப்பி உசிரை எடுத்தான். சரி பண்ணுவோம்னு போனேன். ஆதார்ல எம் பேருக்கு முன்னால ஒத்தை எழுத்து இன்ஷியல். பான் கார்டுல இன்ஷியல் போட விடமாட்டான், அப்பா பேரை முழுசா எழுதணும். நம்ம ஊர்ல பாதிப்பேரு கதை இதான். அங்க உக்காந்திருக்க மெஷினுக்கு ரெண்டும் ரெண்டு ஆளு. 'பெயர் பொருந்தவில்லை', பொசுக்குன்னு பூட்டிட்டான்.

அப்புறம் வீடியோ கேஒய்சின்னான். மொட்டை மாடியில அப்பளம் காயுது, அங்கனதான் டவர் கிடைக்கும். வெயில்ல நின்னு பான் கார்டைத் தூக்கிக் காட்டுதேன். 'சார், கார்டுல வெளிச்சம் அடிக்கி, கொஞ்சம் சாச்சுக் காட்டுங்க' அப்படிங்கா அந்தப் பிள்ளை. சாச்சேன். கட் ஆயிட்டு. மறுபடி வரிசையில நில்லு. மூணு நாளு இதே சோலி. காக்கா வந்து அப்பளத்தைக் கொத்திட்டுப் போனதுதான் மிச்சம்.

புகார் போட்டா டிக்கெட் நம்பர் வரும். மறுநாள் 'உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது'ன்னு அவனே மூடிருவான். நாலு டிக்கெட் இப்படி. என்னத்தைத் தீத்த? என் பொறுமையத் தவிர ஒண்ணும் தீரலையே!

அம்பாசமுத்திரத்துல பேங்க்ல இருந்து ரிட்டயரான அண்ணாச்சி ஒருத்தர் உண்டு. அவர்ட்ட போய்ப் புலம்புனேன். போனை வாங்கி நான் அனுப்புனதை எல்லாம் வாசிச்சுட்டு, "ஏடே, நாலு தடவையும் 'கணக்கைத் திறந்து விடு'ன்னுதான கேட்டிருக்க? திறக்கணும்னா அவன் கேஒய்சி கேக்கத்தான் செய்வான். உனக்கு வாலட் வேணுமா, பைசா வேணுமா?"ன்னாரு.

பைசாதான் அண்ணாச்சின்னேன்.

"அப்போ மூடச் சொல்லிக் கேளு. அது வேற விண்ணப்பம்."

இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லத்தான் இம்புட்டு எழுதுதேன். என்னோடது போன் நம்பர், ஓடிபி, பேரு, ஒரு அடையாள அட்டை நம்பர் மட்டும் குடுத்துத் திறந்த சின்ன வாலட். பத்தாயிரத்துக்கு மேல அதுல நிக்க முடியாது. ரிசர்வ் பேங்க் 2021-ல போட்ட விதியில என்ன இருக்குன்னா, இந்த மாதிரி வாலட்டை நாம எப்ப வேணா மூடலாம். மூடும்போது மிச்சப் பைசா எங்கிருந்து வந்துச்சோ அங்கேயே திரும்பணும்னு நாம கேக்கலாம். 'பேக் டு சோர்ஸ்'ம்பாங்க. அந்தப் பைசாவ வேற பேங்க் கணக்குல போடச் சொன்னாத்தான் கேஒய்சி முடிச்சிருக்கணும். வந்த வழியே அனுப்புன்னா, அந்த வெயில் நாடகம் எதுக்கு? இதை ஒருத்தனாவது என்கிட்ட சொன்னானா? சொல்ல மாட்டான். 'உதவி'ய அமுக்குனா கேஒய்சி பக்கத்துலயே கொண்டு போய் விடும், கணக்கை மூடுத பட்டனை ஏழு கதவுக்குப் பின்னால வச்சிருக்கான்.

அண்ணாச்சி இன்னொண்ணு சொன்னாரு. நாம போட்ட பைசாவ கம்பெனி அவன் இஷ்டத்துக்கு எடுத்துச் செலவழிக்க முடியாதாம். ஒரு பேங்க்ல எஸ்க்ரோ கணக்குன்னு தனியா வச்சிருக்கணுமாம். அப்போ பைசா பத்திரமாத்தான் கிடக்கு, குடுக்கத்தான் மனசில்ல. எனக்கு அதுக்கப்புறந்தான் கோவம் கூடிட்டு.

அன்னைக்கு ராத்திரியே கம்பெனி வெப்சைட்டுல, புகாரைப் பாக்குத பெரிய அதிகாரியான நோடல் ஆபீசர் மெயிலைத் தேடிப் பிடிச்சேன். கூகுள்ல 'கஸ்டமர் கேர் நம்பர்'னு தேடிராதிய மக்கா, அங்க பாதி திருட்டுப் பய நம்பர், ஓடிபி கேட்டு மிச்சத்தையும் உருவிருவான். ஆவலாதி எல்லாம் எழுதல. நாலே வரி: என் நம்பர் இது, கணக்குல இவ்வளவு நிக்கி, இன்ன தேதியில இன்ன கார்டுல இருந்து போட்டது, ரெஃபரன்ஸ் நம்பர் இது. கணக்கைத் திறக்க வேண்டாம், மூடிட்டு பேக் டு சோர்ஸ் அனுப்புங்க. பைசா போட்ட அன்னைக்கு பேங்க் அனுப்புன மெசேஜையும் படம் பிடிச்சு வச்சேன்.

பதிலு? 'கேஒய்சி பண்ணவும்.' சவத்து மூதி, நாலு வரியக் கூடவா வாசிக்க மாட்ட?

ஆனா இந்தத் தடவை எனக்குத் தேதி முக்கியம். எழுத்துல குடுத்த புகாருக்கு முப்பது நாளுக்குள்ள சரியான பதில் இல்லைன்னா ரிசர்வ் பேங்க்ல இந்த மாதிரி புகாரை விசாரிச்சுத் தீக்குத ஓம்பட்ஸ்மேனுக்குப் போகலாம். கம்பெனிக்கு எழுதாம நேரா அங்க போனா எடுக்க மாட்டாங்க. முப்பத்திரெண்டாம் நாள் cms.rbi.org.in-ல போட்டேன். காசு கிடையாது, வக்கீலு வேண்டாம். கம்பெனிக்கு என்னைக்கு எழுதுனன்னு கேக்கும், அந்த மெயிலை இணைச்சு விட்டேன். (14448-க்கு போன் போட்டும் விவரம் கேக்கலாம்.) ஒண்ணு மட்டும்: சைபர் கிரைம் புகார்ல போலீஸ் சொல்லி முடக்குன கணக்குன்னா இந்த வழி எடுபடாது, அந்த ஸ்டேஷன்லதான் பேசணும். அதனால எதுக்கு முடக்குனேன்னு எழுத்துல வாங்கிக்கிடுங்க.

ஒரு வாரத்துல கம்பெனியில இருந்து போனு. 'சார், வணக்கம் சார், சிரமத்துக்கு மன்னிக்கணும் சார்.' ரெண்டு மாசமா எங்கவே இருந்துச்சு இந்த சாரு? கேஷ்பேக் அறுவது ரூவா வராதாம், அது அவன் போட்டதாம். வச்சிக்கோ, டீ குடின்னேன்.

நாலாம் நாள் என் கணக்குல நாலாயிரத்து நானூறு ஏறிட்டு. அஞ்சாயிரத்துல செலவான அறுநூறு போக மிச்சம். மூவாயிரத்தைக் காணல. மறுபடி ரத்தம் கொதிச்சு மெயில் எழுத உக்காந்தா பொறவுதான் உறைக்கி. பேக் டு சோர்ஸ். எங்கிருந்து வந்துச்சோ அங்கேயே. அது மச்சான் கார்டுல்லா!

வீரவநல்லூருக்கு போனைப் போட்டேன். "ஆமா அத்தான், முந்தாநாளே மூவாயிரம் விழுந்துச்சு. போன தீபாவளிக்கு எங்கிட்ட வாங்குனியள்லா, அதைத்தான் திருப்பி அனுப்பிட்டியன்னு நெனச்சேன்"ங்கான்.