எண்ணிக்கை என்றாலே பாய்சானா?

எந்தத் தரவுக்கு எந்த நிகழ்தகவுப் பரவல் என்று காட்டும் அட்டவணையைப் பற்றி ஒரு தம்பி இங்கே எழுதியது: "எண்ணிப் பார்க்கிற எதுவானாலும் பாய்சான், அளக்கிறதென்றால் நார்மல். அட்டவணையில் அவ்வளவுதான்."

தம்பி, பாதி சரி. பாய்சான் வரிசைக்குரியது உச்சவரம்பு இல்லாத எண்ணிக்கை: எஸ்டேட் முச்சந்தியில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் செம்பனை லோரிகள் மாதிரி. இத்தனையில் எத்தனை என்று மொத்தம் முன்பே தெரிந்திருந்தால் அது பைனோமியல்.

நாற்றுமேட்டில் 20 பாலிபேக், ஒவ்வொரு கன்றும் பிழைக்க 0.9 வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 18. இதற்குப் பாய்சான் போட்டால் என்ன ஆகும் என்று எக்செலில் நீங்களே தட்டிப் பாருங்கள்:

```
=1-POISSON.DIST(20,18,TRUE)
```

0.27 வரும். அதாவது 20 கன்றில் 20க்கு மேல் பிழைக்க 27 சதவீத வாய்ப்பாம், அது நடக்கவே முடியாது. பரவற்படியும் பாய்சானில் 18, பைனோமியலிலோ 20×0.9×0.1, வெறும் 1.8தான்.

இங்கே ஒரு சார் சொன்னதும் உண்மை: மொத்தம் பெரிதாக, வாய்ப்பு மிகச் சிறிதாக இருந்தால் (1000 கன்று, 0.002 மாதிரி) இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விடை தரும். அந்தக் குறுக்குவழியைத்தான் பலர் விதியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அக்கா, உங்கள் மேட்டில் தண்ணீர் தேங்கும் ஓரத்தில் மட்டும் கன்றுகள் கூட்டமாகப் பட்டுப்போகின்றன என்றீர்களே, அப்போது ஒன்றின் சாவு பக்கத்துக் கன்றையும் தொடுகிறது, பைனோமியலும் அப்படியே பொருந்தாது. எதைப் போடலாம் என்பது வரிசைவாரியாக எண்ணிய கணக்கைப் பார்த்தால்தான் தெரியும், இருந்தால் இங்கே போடுங்கள்.