கைவலியும் குடியுரிமையும்

(சிங்கப்பூர் ஈசூனில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடம். நியூ ஜெர்சியில் மகனோடு இருக்கும் செண்பகம் அக்கா, தம்பியைப் பார்க்க வந்திருக்கிறார். ஊர் திரும்பியதும் அமெரிக்கக் குடியுரிமை நேர்காணல். பேருந்து ஓட்டும் தம்பி குமரேசன்தான் இன்றைக்கு அதிகாரி, கையில் என்-400 விண்ணப்பத்தின் நகல்.)

குமரேசன்: மிஸ் முத்தையா!

செண்பகம்: அப்பா போய்ச் சேர்ந்து எத்தனை வருடம் ஆகிறது, அவரை எதற்குடா கூப்பிடுகிறாய்?

குமரேசன்: உன்னைத்தான் அக்கா. பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் முத்தையா. அங்கே அதிகாரி வாசலில் வந்து இப்படித்தான் கூப்பிடுவார், நீ அப்பாவைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. சரி, வேறு பெயர் ஏதாவது பயன்படுத்தியது உண்டா?

செண்பகம்: நான் என்ன திருடியா, வேறு பெயரில் திரிவதற்கு?

குமரேசன்: பள்ளிச் சான்றிதழில் எம். செண்பகவல்லி, கல்யாணப் பத்திரத்தில் செண்பகம், பாஸ்போர்ட்டில் செண்பகவல்லி முத்தையா. விண்ணப்பத்தில் உன் பையன் மூன்றையும் எழுதியிருக்கிறான். நீ இல்லை என்றால் அதிகாரி எதை நம்புவார்?

செண்பகம்: என்னை விட்டுவிடச் சொல்லேன். வயதானவர்களுக்கு இங்கிலீஷ் வேண்டாமாமே, எதிர்வீட்டு அம்மாளுக்கு அப்படித்தான் நடந்தது.

குமரேசன்: வயது மட்டும் போதாது. 55 தாண்டியிருந்தால் கிரீன் கார்டு வாங்கி 15 வருடம் ஆகியிருக்க வேண்டும், 50 என்றால் 20 வருடம். உனக்கு 61, ஆனால் கார்டுக்கு வயது ஆறு. பேசித்தான் ஆக வேண்டும். பேச்சுத் தேர்வு என்று அங்கே தனியாக ஒன்றும் கிடையாது, விண்ணப்பத்தில் இருப்பதையே கேட்பார், நீ பதில் சொல்வதை வைத்துத்தான் உனக்கு இங்கிலீஷ் பேச வருகிறதா என்று பார்ப்பார். ஆரம்பிப்போமா? ஹேவ் யூ எவர் கிளெய்ம்ட் டு பி எ யூ.எஸ். சிட்டிசன்?

செண்பகம்: எஸ்!

குமரேசன்: போச்சு. எதற்கு எஸ்?

செண்பகம்: மூட்டுவலி மாத்திரை பில்லுக்கு கிளெய்ம் போட்டேனே, பணமும் வந்ததே.

குமரேசன்: அக்கா, நான் அமெரிக்கக் குடிமகள் என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டாயா என்பது கேள்வி. குடியுரிமை வாங்குவதற்கு முன்பே அப்படிச் சொல்லியிருந்தால் பெரிய வில்லங்கம். நீ பாட்டுக்குப் பெரிய மனிதருக்கு மரியாதையாக எஸ் எஸ் என்று தலையாட்டிவிட்டு வந்தால், செய்யாத குற்றத்தை நீயே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். புரியவில்லையா, 'கேன் யூ சே இட் அனதர் வே, ப்ளீஸ்?' என்று கேள். அவர் எளிமையாக மாற்றிக் கேட்டாக வேண்டும், விதி அப்படி.

செண்பகம்: கோபித்துக்கொள்ள மாட்டாரா?

குமரேசன்: எல்லா வார்த்தையும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவரும் எதிர்பார்ப்பதில்லை. அடுத்தது. சட்டம் கேட்டால், ஆர் யூ வில்லிங் டு பேர் ஆர்ம்ஸ்?

செண்பகம்: இது தெரியும். பேர் என்றால் பொறுத்துக்கொள்வது, ஆர்ம்ஸ் கை. கைவலியைப் பொறுத்துக்கொள்வாயா என்கிறார். பாவம், நல்ல மனிதர். எஸ், எவ்ரி நைட்!

குமரேசன்: துப்பாக்கி அக்கா! நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவாயா என்கிறார்!

செண்பகம்: இந்த முட்டியை வைத்துக்கொண்டா?

குமரேசன்: சம்மதமா என்றுதான் கேட்கிறார், நாளைக்கே போர்முனைக்கு அனுப்பவில்லை. ஆனால் எஸ் என்றதும், அப்படியென்றால் என்ன என்று திருப்பிக் கேட்டாலும் கேட்பார். அப்போது கையைக் காட்டாமல் 'கேரி எ கன், ஃபைட் ஃபார் தி கன்ட்ரி' என்று சொல்லத் தெரிய வேண்டும்.

செண்பகம்: தப்பாகிவிட்டால்?

குமரேசன்: இன்னொரு வாய்ப்பு உண்டு, 60 நாளிலிருந்து 90 நாளுக்குள் திரும்பக் கூப்பிடுவார்கள். சரி, விண்ணப்பம் போட்ட பிறகு அமெரிக்காவுக்கு வெளியே போனாயா?

செண்பகம்: நோ.

குமரேசன்: இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறாய்?

செண்பகம்: தம்பி வீட்டில்.

குமரேசன்: தம்பி வீடு எந்த நாட்டில்?

செண்பகம்: அட, இதெல்லாம் கணக்கா? சாங்கியில் பாஸ்போர்ட்டில் முத்திரைகூடக் குத்தவில்லையே!

குமரேசன்: இங்கே இப்போது முத்திரை கிடையாது, நுழைவு அனுமதி மின்னஞ்சலில் வரும். அதை அச்செடுத்துத் தருகிறேன், விமானச் சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள். 24 மணி நேரம் தாண்டிய பயணம் எல்லாமே கணக்குதான். விண்ணப்பத்தில் இது இல்லை, போகும்போது நீயே தேதியோடு சொல்லிவிடு. ஆறு மாதத்தைத் தாண்டினால்தான் அங்கேயே தொடர்ந்து இருந்தாயா என்று குடைவார்கள். நீ மூன்று வாரத்தில் கிளம்புகிறாய், பயப்படாதே. எங்கே, சொல்லிப் பார்ப்போம். வொய் டிட் யூ கோ டு சிங்கப்பூர்?

செண்பகம்: டு சீ மை பிரதர்.

குமரேசன்: ஆகா! வாட் டஸ் யுவர் பிரதர் டூ?

செண்பகம்: ஹி டிரைவ்ஸ் எ பஸ். அட் ஹோம், ஹி டிரைவ்ஸ் மீ மேட்.