மாடிப்படிக் கேமரா வீட்டுக்குள் பார்க்கிறதா?

“ராத்திரியில் மாடிப்படிக் கேமராவில் சிவப்பாக எரிகிறது. கதவைச் சாத்தினாலும் உள்ளே நடப்பது தெரியும், பேச்சும் பதிவாகும்.”

கொழிஞ்சாம்பாறையில் உள்ள நம் கட்டடத்துக் குடித்தனக்காரர்களிடையே சுற்றும் இந்தச் செய்தி தவறு. பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தப் பயம் வருவது நியாயமே. அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

அந்தச் சிவப்பு, அகச்சிவப்பு விளக்குகளின் மங்கிய ஒளி. இருட்டியதும் தானாக எரியும். பதிவோ பகலிலும் அப்படியே நடக்கிறது. இந்த ஒளி சுவரையும் மரக்கதவையும் ஊடுருவாது. கண்ணாடி ஜன்னலில் பட்டால் அதில் ஒரு பகுதி திரும்பி வந்து படத்தை வெளுக்கச் செய்யலாம்.

திறந்த கதவு வேறு விஷயம். முதல் மாடியில் இடப்பக்கத்து வீட்டின் வாசல் கேமராவின் பார்வைக்குள் வந்தது உண்மை. அதனால் கேமராவைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பினோம். அப்படியும் நிலைப்படி ஓரம் தெரிந்ததால், அமைப்பில் அந்த இடத்தின் மேல் கறுப்புக் கட்டம் போட்டிருக்கிறோம். கட்டத்துக்குள் இருப்பது பதிவாவதே இல்லை; பிறகு கட்டத்தை நீக்கினாலும் பழைய பதிவில் அது கிடைக்காது.

கேமராவில் மைக் உண்டு. அதன் ஒலிப்பதிவை அணைத்துவிட்டேன். பதிவை ஓட்டிப் பார்த்தால் சத்தமே வராது. ஆனால் படியில் யார் எப்போது ஏறினார்கள் என்பது பதிவாகும், அதை மறைக்கவில்லை. வட்டு நிறைந்ததும் பழையது தானாக அழியும்.

ஞாயிறு காலை திரையைத் திறந்து வைக்கிறேன். உங்கள் வாசல் எப்படித் தெரிகிறது என்று நீங்களே வந்து பாருங்கள். கட்டத்தைப் பெரிதாக்க வேண்டுமென்றால் அப்போதே செய்துவிடலாம்.