75 என்று எழுதியிருந்தால் 75 ஆகிவிடுமா?

மூன்று நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். குரூப்பில் நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்கு முழுக்கதையையும் திரும்பச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஒரு தம்பி, செக்கனுக்கு 60 பிரேம், அதாவது 60 படம், காட்டும் தன்னுடைய 60 ஹெர்ட்ஸ் மொனிற்றரைச் சல்லிக்காசு செலவில்லாமல் 75 ஆக்கிவிட்டதாக ஸ்கிரீன்ஷொட் போட்டார். நான் கீழே ஒரே ஒரு வரி எழுதினேன். "தம்பி, பிரேம் விழுகுதோ எண்டு போனால ஒரு படம் எடுத்துப் பாரும்." இவ்வளவுதான். அதற்குத்தான் அத்தனை சிரிப்புப் பொம்மைகள். "அங்கிள் குண்டு மொனிற்றர் காலத்து ஆள்" என்று ஒருவர். "கடைக்கு யாவாரம் படுத்திட்டுது போல" என்று இன்னொருவர். அந்த இரண்டாவது ஆளின் லப்டொப்பைப் போன வருடம் காசு வாங்காமல் துடைத்துக் கொடுத்தவன் நான். சரி, அதை விடுவோம்.

நான் சொன்னது ஒன்றுதான், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். செற்றிங்கில் 75 என்று தெரிவது, கணினி 75 பிரேம் அனுப்புகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. பனல் 75 பிரேமைக் காட்டுகிறது என்பதற்கு அது சாட்சியே இல்லை. மொனிற்றரின் சொந்த மெனுவில் 75 என்று வந்தாலும் கதை அதேதான். வாசலுக்கு எத்தனை வந்தது என்றுதான் அந்த மெனு சொல்கிறது. குசினியிலிருந்து 75 தட்டு வெளியே போனது உண்மையாக இருக்கலாம், பந்தியில் இருப்பது 60 பேர் என்றால் சாப்பிட்டது 60 பேர்தான். மிச்சத் தட்டுகளை மொனிற்றருக்குள் இருக்கும் போர்ட் சத்தமில்லாமல் எறிந்துவிடும். வருகிற ஒவ்வொரு ஐந்து பிரேமிலும் ஒன்று போய்விடும். இதற்குப் பெயர் பிரேம் ஸ்கிப்பிங். அப்படி நடக்கும்போது படம் 60ஐ விட மோசமாகத் தெரியும், ஏனென்றால் சீராக ஓட வேண்டிய அசைவு ஐந்துக்கு ஒரு தடவை இடறும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானே ஏமாந்தவன். என்னுடைய பழைய 22 அங்குல மொனிற்றரை எட்டு மாதம் 75இல் ஓட்டினேன். வருகிற ஆட்களுக்கெல்லாம் காட்டினேன், மௌஸை வட்டமாகச் சுற்றிக் காட்டி "பாருங்கோ, வெண்ணெய் மாதிரிப் போகுது" என்று சொன்னேன். பிறகு ஒருநாள் testufo.com தளத்தில் இருக்கும் frame skipping சோதனையைத் திறந்தேன். திரையில் வரிசையாகச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு கட்டம் மட்டும் வெள்ளையாக மின்னிக்கொண்டு ஓடும். போன் கமராவை புரோ மோட்டில் போட்டு, ஷட்டரை 1/10 செக்கனில் வைத்து, கை ஆடாமல் ஒரு படம் எடுக்க வேண்டும். 75 உண்மை என்றால் ஏழோ எட்டோ கட்டங்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டி ஒட்டி வெள்ளையாக இருக்கும். என்னுடைய படத்தில் நாலு வெள்ளை, ஒரு கறுப்பு, பிறகு மூன்று வெள்ளை. நாலைந்து தரம் எடுத்தேன், கறுப்பு இடம் மாறியதே தவிரப் போகவில்லை. 65க்கு இறக்கினேன், அப்போதும் அங்கங்கே ஒரு பல் கழன்றிருந்தது. 60க்கு மேல் எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது வாங்குகிற மாதிரி வாங்கி எறிகிற சாதி. எட்டு மாதம்!

அந்த எட்டு மாத வெட்கத்தை அந்தத் தம்பிக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கத்தான் அந்த ஒரு வரி எழுதினேன்.

"அப்ப செய்யவே வேண்டாம் எண்டு சொல்லுறியளோ?" என்று சிலர் கேட்பீர்கள். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? என் மருமகனின் மொனிற்றருக்கு நானே செய்து கொடுத்தேன். டிவிஐ கேபிளில் ஓடும் 24 அங்குலப் பழையது. என்விடியா கண்ட்ரோல் பனலில் Change resolution, அதற்குள் Customize, பிறகு Create Custom Resolution. அவன் நேரே 75 அடித்தான், சோதனையிலேயே மறுத்துவிட்டது. "மாமா, இது சரிவராது" என்று எழும்பப் போனவனை இருத்தி வைத்து விளங்கப்படுத்தினேன்.

ஒற்றை இணைப்பு டிவிஐ கேபிளுக்கு ஒரு மேல் எல்லை இருக்கிறது, செக்கனுக்கு 165 மில்லியன் புள்ளி. 1920க்கு 1080 என்று நாம் சொல்வது கண்ணுக்குத் தெரிகிற புள்ளிகளை மட்டும்தான். ஒவ்வொரு வரியின் முடிவிலும், ஒவ்வொரு பிரேமின் முடிவிலும் படம் இல்லாத வெறும் இடமும் அந்தக் கேபிளில் போகிறது. வழக்கமான கணக்கில் அதையும் சேர்த்தால் 2200க்கு 1125. அதை 67ஆல் பெருக்கினாலே 165 மில்லியன் தாண்டிவிடும், ஆக 66 தான் உச்சம். அந்த வெறும் இடம் குண்டு மொனிற்றர் காலத்துச் சீதனம். அப்போது உள்ளே ஓடும் மின்கதிர் ஒரு வரியை முடித்துத் திரும்பி வர நேரம் தேவைப்பட்டது, இன்றைய பனலுக்கு அவ்வளவு தேவையில்லை. (குண்டு மொனிற்றர் காலத்து ஆள் என்பதால் இதாவது தெரிகிறது.) Timing என்ற இடத்தில் CVT reduced blank தெரிவு செய்தால் 71இல் மொத்தம் 2080க்கு 1117 ஆகச் சுருங்கும். அதை 71ஆல் பெருக்கினால் 164 மில்லியன் சொச்சம். உள்ளே நுழைந்துவிட்டது. 71 அடித்தோம், படம் வந்தது. போனால் படம் எடுத்தோம், கட்டங்கள் எல்லாம் ஒட்டி ஒட்டி வெள்ளை. இதுதான் உண்மையான 71.

இதனால் என்ன கிடைத்தது என்று நேர்மையாகச் சொல்கிறேன். 60இல் ஒரு பிரேம் 16.7 மில்லிசெக்கன் நிற்கும், 71இல் 14.1. அவனை வெளியே அனுப்பிவிட்டு நான் மாற்றி மாற்றி வைத்தேன், பத்துத் தடவையில் ஏழு தடவை எது எதுவென்று சரியாகச் சொன்னான். மௌஸை வேகமாகச் சுற்றிப் பார்த்துத்தான் சொன்னான், கேம் விளையாடிச் சொல்லவில்லை. ஆகவே வித்தியாசம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன், இருக்கிறது, கொஞ்சம். 72 ஓடக்கூடிய மொனிற்றர் கிடைத்தால் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சினிமாப் படம் செக்கனுக்கு 24 பிரேம், 72இல் ஒவ்வொன்றும் சரியாக மூன்று தரம் வரும். 60இல் ஒன்று மூன்று தரம், அடுத்தது இரண்டு தரம் என்று நொண்டி நொண்டித்தான் வரும், கமரா மெல்ல நகரும் காட்சிகளில் அது தெரியும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இரவு நன்றாக ஓடிய அந்த 71, அடுத்த நாள் மத்தியானம் இரண்டு மணித்தியாலம் ஓடிய பிறகு மேல் பாதியில் மெல்லிய கிடைக்கோடுகளாக மினுங்கத் தொடங்கியது. சித்திரை மாதம், தகரக் கூரை, மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. சூடானதும் உள்ளே இருக்கும் சிப்புக்கு அந்த வேகம் தாங்கவில்லை. 69க்கு இறக்கினேன், கோடு நின்றது. அதனால்தான் சொல்கிறேன், இரவில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு "ஓடுது" என்று போஸ்ட் போடாதீர்கள். எங்கள் ஊர் மத்தியானத்தில் ஓடட்டும், பார்ப்போம்.

"என்ர மொனிற்றர், என்ர விருப்பம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஓம், உங்கள் மொனிற்றர்தான். யார் பறிக்க வந்தது? நீங்கள் உங்கள் வீட்டில் 90 அடித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் சொல்வதைக் கேட்டுச் செய்கிற பெடியள் என்னிடம்தான் வருகிறார்கள், அதுதான் எனக்குப் பிரச்சினை.

சுன்னாகத்திலிருந்து ஒரு பெடியன் மொனிற்றரைப் படுக்கை விரிப்பில் சுற்றி, மோட்டார்சைக்கிளில் பின்னால் கட்டி, மழைக்குள் கொண்டு வந்தான். "அண்ணை, செத்துப்போச்சு." ஏற்கெனவே வேறொரு கடையில் போர்ட் போய்விட்டது என்று சொல்லி, திறந்து பார்த்ததற்குக் காசும் வாங்கியிருக்கிறார்கள். நான் என் மேசையில் வைத்துக் கேபிளைக் கொழுவினேன். உடனே படம் வந்தது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். CRU என்ற மென்பொருளால் 80 எழுதி வைத்திருக்கிறான், அது எழுதப்படுவது மொனிற்றரில் இல்லை, அவனுடைய விண்டோஸுக்குள். மொனிற்றர் தன்னைப்பற்றித் தானே சொல்லும் குறிப்புக்குப் பதிலாக, விண்டோஸ் இந்தப் பொய்க் குறிப்பை வாசிக்கும். வீட்டில் "Out of Range" என்று கறுப்பாக நின்றது அதனால்தான். சேஃப் மோட்டில் போய், அந்த மென்பொருளோடு வரும் reset-all.exe ஐ ஓட்டிவிட்டு மறுபடி தொடங்கினால் முடிந்தது. நான் புது மொனிற்றர் விற்கப் பார்க்கிற ஆள் என்றால் அன்றைக்கு விற்றிருக்கலாம். மழையில் நனைந்து, காசோடு வந்து நின்றான். மற்றக் கேபிளை மாற்றிப் பார், போய் இதைச் செய் என்று சொல்லி ஒரு பிளேன்ரீயும் கொடுத்து அனுப்பினேன். இதை எல்லாம் நான் போஸ்டாகப் போடுவதில்லை, அதனால்தான் நான் "கடைக்காரர்" போல.

இன்னொருவர், "பயந்தவனுக்கு டெக்னோலொஜி எதுக்கு" என்றார். தம்பி, தொண்ணூறுகளில் இந்த ஊரில் கரண்ட் இல்லாமல் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள் நாங்கள். வேகமாகச் சுற்றினால் ரேடியோ போய்விடும், மெதுவாகச் சுற்றினால் செய்தி கேட்காது. எந்த வேகம் தாங்கும் என்று பார்க்கிற வேலை உங்களுக்கு முதலே எங்களுக்குத் தெரியும். அப்போதும் சுற்றுகிறவன் வேகத்தைச் சொன்னால் போதாது, ரேடியோவில் சத்தம் வருகிறதா என்றுதான் வீட்டுக்காரர் கேட்பார்கள்.

அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய மொனிற்றர் உண்மையாகவே 75 ஓடலாம், ஓடுகிற மொனிற்றர்கள் நிறைய இருக்கின்றன. ஷட்டர் 1/10, ஒரு படம், எடுக்க ஒரு நிமிடம் ஆகாது. சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் செலவழித்த நேரம்கூடத் தேவையில்லை. மூன்று நாளாகிறது, படம் வரவில்லை. நான் நேற்றிரவு குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன். அவர் படம் போட்டால் உள்ளே இருக்கிற யாராவது எனக்கு அனுப்பிவிடுங்கோ.