தரைத்தளக் குழாயில் எடுத்த அளவு மாடிக்குப் பொருந்தாது

“தோட்டக் குழாயில் நீர் அழுத்தக் கேஜ் 0.9 பார் காட்டுகிறது. மாடிக் குளியலறையில் 1 பார் அழுத்தம் தேவைப்படும் ஷவரைத் தைரியமாக மாட்டலாம்.”

தயவுசெய்து வாங்கிவிடாதீர்கள். மேல்தொட்டி நீரில் பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார்தான். உங்கள் ஷவர் அந்தக் குழாயைவிட ஆறு மீட்டர் மேலே இருந்தால், அங்கே எஞ்சுவது 0.3 பார். அதுவும் எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும்போது மட்டுமே. தண்ணீர் ஓடத் தொடங்கினால் இன்னும் இறங்கும். எவ்வளவு என்பது உங்கள் குழாய்வழியைப் பொறுத்தது. குளியலறை இணைப்பிலேயே கேஜை மாட்டி, பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டு முள்ளைப் பாருங்கள். அகலமான குழாய்வழி போட்டால் போதும் என்று நண்பர் யாராவது சொன்னால், அது பாதி சரி: ஓட்டத்தில் இழப்பு குறையும், 0.3 உயராது. குறைந்த அழுத்த ஷவரைத் தேடுங்கள், அல்லது அந்த இணைப்புக்கு பூஸ்டர் பம்ப் வையுங்கள்.