லைன்ஸ்மேனைத் திட்டுவதற்கு முன்னால்

2010 கால்பந்து உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து, குறுக்குக் கம்பியில் பட்டு, கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்து, திரும்பி வெளியே வந்தது. கோல் கொடுக்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால் எல்லோரும் லைன்ஸ்மேனைத்தான் திட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆஃப்சைடு பார்க்க, கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரருக்கு நேராக நிற்பதுதான் அவருடைய வேலை. அங்கிருந்து கோல் கோட்டைச் சாய்வாகத்தான் பார்க்க முடியும்.

சரி, கோட்டருகிலேயே ஒருவரை நிறுத்தினால்? 2012 யூரோவில் நிறுத்தினார்கள். டொனெட்ஸ்கில் உக்ரைன் அடித்த பந்து கோட்டைத் தாண்டிய பிறகுதான் இங்கிலாந்தின் ஜான் டெர்ரி அதை வெளியே உதைத்தார். பக்கத்திலேயே நின்ற கூடுதல் நடுவருக்கும் அது தெரியவில்லை. அடுத்த மாதமே விதிக்குழு கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கொடுத்தது.

கோல் என்றால் முழுப் பந்தும் முழுக் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். பந்தின் விட்டம் சுமார் 22 செ.மீ. அது கோட்டின் பின்விளிம்புக்கு 8 செ.மீ. பின்னால் தரையைத் தொட்டாலும், மேலே 3 செ.மீ. கோட்டின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அது கோல் இல்லை. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வரும் பந்து வினாடிக்கு 25 மீட்டர் போகும். வினாடிக்கு 25 படம் எடுக்கும் கேமராவில், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் பந்து ஒரு மீட்டர் நகர்ந்துவிடும். அந்த இடைவெளியில்தான் கோல் தொலைகிறது.

அதனால்தான் ஹாக்-ஐ என்ற கோல் கோட்டுத் தொழில்நுட்பத்தில் ஒவ்வொரு கோல் கம்பத்துக்கும் 7 அதிவேகக் கேமராக்கள், மைதானத்தின் உயரமான இடங்களில், வெவ்வேறு கோணங்களில். ஒவ்வொன்றும் பந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். அந்தத் திசைகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் பந்தின் மையம். மையம் கோட்டின் பின்விளிம்பிலிருந்து பந்தின் அரைவிட்டத்துக்கு மேல் உள்ளே போய்விட்டால், ஒரு வினாடிக்குள் நடுவரின் கைக்கடிகாரம் அதிரும். ஆட்டத்தை நிறுத்த வேண்டியதே இல்லை.

ஆனால் பந்து கேமராக்களுக்குத் தெரிந்தாக வேண்டும். 2020 ஜூனில் ஆஸ்டன் வில்லா கோல்கீப்பர் நைலண்ட், ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு எதிராக, பந்தைப் பிடித்தபடியே கோட்டுக்குப் பின்னால் போய்விட்டார். கடிகாரம் அதிரவில்லை. கோல்கீப்பர், தடுப்பாட்டக்காரர், கம்பம் மூன்றும் சேர்ந்து 7 கேமராக்களையும் மறைத்துவிட்டன என்று ஹாக்-ஐ நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

அந்த மறைவை விடவும் எனக்குக் கோபம் வந்தது வேறு ஒன்றில். வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் விஏஆர் அறையில் மறுபார்வைக்குப் படம் இருந்தது, விதியும் தடுக்கவில்லை. ஆனால் கடிகாரம் சொல்லவில்லை என்பதால் அவர்களும் பேசாமல் இருந்துவிட்டார்கள். ஆட்டம் 0-0, வில்லாவுக்கு ஒரு புள்ளி. சீசன் முடிவில் வில்லா ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பிரீமியர் லீக்கில் தங்கியது, போர்ன்மத் கீழ் லீக்குக்கு இறங்கியது.